32 வயதில் சூலகம் ஓய்ந்தால்: குளிசை யாருக்காக, எதுவரைக்கும்?

கேள்வி: எனக்கு 32 வயசு. கலியாணம் முடிச்சு நாலு வருசம், பிள்ளை இல்லை. ஒம்பது மாசமா பீரியட்ஸ் வரேல்லை, இரவில உடம்பு கொதிச்சு வேர்க்குது. எஃப்.எஸ்.எச். 71 எண்டு வந்திது, ஒண்டரை மாசம் கழிச்சுப் பாத்தா 64. தைரோயிட் ரெஸ்ட்டும் 8.4. சூலகம் வேலை செய்யேல்லையாம், 50 வயசு மட்டும் ஹோர்மோன் குளிசை போடட்டாம். அது போட்டா மார்பில கான்சர் வருமெண்டு மாமி சொல்லுறா. நான் யோசிச்சு யோசிச்சுத்தான் இப்பிடி ஆனதெண்டும் சொல்லுறா. பிள்ளை வேண்டாமெண்டு விட்டிட்டா குளிசையும் தேவையில்லைத்தானே?

பதில்:

தேவை, தங்கச்சி. பிள்ளை வேணுமா என்பது ஒரு விஷயம், குளிசை வேணுமா என்பது இன்னொரு விஷயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் எங்கள் பக்கத்தில் பல பெண்கள் ஐந்தாறு வருடம் சும்மா இருந்துவிட்டு, பிறகு முதுகெலும்பு நோவோடு கிளினிக்குக்கு வருகிறார்கள். இந்தக் குளிசையைத் தருவது கருத்தரிக்க வைப்பதற்கு அல்ல. உங்கள் சூலகம் இன்னும் 18 வருடம் சுரந்திருக்க வேண்டிய ஈஸ்ட்ரஜனை வெளியிலிருந்து கொடுப்பதற்கு.

முதலில், நோய் நிர்ணயம் சரிதானா? உங்கள் ரிப்போட்டுகளைப் பார்த்தால் சரி என்றுதான் படுகிறது. எஃப்.எஸ்.எச். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருவது. சூலகத்தைப் பார்த்து "முட்டையை வளர்த்து எடு" என்று சொல்லும் ஹோர்மோன் அது. படலையில் நின்று கூப்பிடும்போது உள்ளேயிருந்து பதில் வராவிட்டால் குரல் உயர்ந்துகொண்டு போகும் அல்லவா, அப்படித்தான் சூலகம் பதில் தராதபோது எஃப்.எஸ்.எச். ஏறுகிறது. 40 வயதுக்கு முன் நாலு மாதமாவது மாதவிடாய் வராமலோ ஒழுங்கில்லாமலோ இருந்து, எஃப்.எஸ்.எச். 25க்கு மேல் இருந்தால் சூலகம் முன்கூட்டியே ஓய்ந்துவிட்டது என்று எடுப்பார்கள். உங்களுக்கு ஒன்றரை மாத இடைவெளியில் இரண்டு தடவையும் 60க்கு மேல். கர்ப்பமில்லை என்பதையும் பால் சுரக்க வைக்கும் ஹோர்மோனான புரோலக்டின் கூடவில்லை என்பதையும் பார்த்திருந்தால் இதில் சந்தேகம் இல்லை.

மாமி சொல்லும் "யோசிச்சு யோசிச்சு" என்பதற்கும் இதே ரிப்போட்டில் பதில் இருக்கிறது. மனக்கவலையால், பட்டினியால், இடம்பெயர்வால் மாதவிடாய் நிற்பது உண்டு. யுத்த காலத்தில் முகாம்களில் இருந்த பெண்கள் பலருக்கு மாதக்கணக்கில் வராமல் இருந்ததை இங்கே எல்லாரும் அறிவார்கள். ஆனால் அப்போது அடங்கிப்போவது மூளைப் பக்கம். கூப்பிடுவதே நின்றுவிடுவதால் எஃப்.எஸ்.எச். குறைவாகவோ சாதாரணமாகவோ இருக்கும், 71க்கு ஏறாது. ஆகவே உங்களுக்கு வந்தது யோசனையால் வந்ததல்ல. இதை மாமிக்கு விளங்கப்படுத்த முடியாவிட்டாலும், நீங்கள் உங்களைக் குற்றம் சொல்வதை நிறுத்த இது போதும். கலியாணம் முடித்த புதிதில் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை போட்டிருந்தால் அதையும் சேர்த்துப் பழி சொல்வார்கள். அந்தக் குளிசை முட்டைகளை அழிப்பதில்லை. அது செய்வது ஒன்றுதான்: மாதாமாதம் இரத்தம் போக வைத்து, உள்ளே சூலகம் ஓய்ந்துகொண்டிருப்பதை மறைத்துவிடும். நிறுத்தும்போதுதான் தெரியவரும்.

"பீரியட்ஸ் வர வைக்கிற குளிசை"யிலும் இதே சிக்கல் இருக்கிறது. ஐந்து நாள், பத்து நாள் போட்டதும் சிலருக்கு இரத்தம் போகும், "சரியாகிவிட்டது" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அதே குளிசை. இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய பிறகுதான் ஒருவர் எஃப்.எஸ்.எச். பார்க்கச் சொல்வார். அந்தக் குளிசைக்கு இரத்தம் போவதை வைத்து சூலகம் நல்லாயிருக்கிறது என்று முடிவெடுக்கவே முடியாது. 40க்குக் கீழே உள்ள ஒரு பெண்ணுக்கு மூன்று நாலு மாதம் மாதவிடாய் வராவிட்டால் முதலில் ஊசி குத்தி இரத்தம் எடுக்க வேண்டும். குளிசை அதற்குப் பிறகு.

இனி, ஏன் வந்தது என்பது. ஒரு பெண் குழந்தை பிறக்கும்போது அதன் சூலகங்களில் பத்து முதல் இருபது லட்சம் முட்டைகள் இருக்கும். பெரியபிள்ளையாகும்போது மூன்று நாலு லட்சமாகக் குறைந்திருக்கும். பிறகு 50 வயதை அண்டி மெல்ல மெல்லத் தீரும். சிலர் தொடக்கத்திலேயே குறைந்த தொகையோடு பிறக்கிறார்கள். சிலருக்கு அது வேகமாகக் கரைகிறது. இன்னும் சிலருக்கு முட்டைகள் கொஞ்சம் இருந்தும் அவை பிட்யூட்டரியின் சொல்லுக்கு அசைவதில்லை. பெரும்பாலானவர்களில் எவ்வளவு தேடினாலும் காரணம் அகப்படாது. அதற்காகத் தேடாமல் விடக்கூடாது, ஏனென்றால் அகப்படுகிற சில காரணங்கள் வேறு உறுப்புகளையும் தொடுபவை. உங்கள் விஷயத்தில் அந்த 8.4 அதனால்தான் எனக்குக் கண்ணில் குத்துகிறது.

தைரோயிட்டை வேலை செய்யச் சொல்லும் ஹோர்மோனான டி.எஸ்.எச். 8.4 என்பது கூடுதல். சூலகமும் தைரோயிட்டும் ஒரே ஆளில் சேர்ந்து தளரும்போது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் சுரப்பிகளைத் தாக்குகிறதா என்று யோசிக்க வேண்டும். தைரோயிட் மட்டுமென்றால் பயமில்லை, குளிசையால் சமாளிக்கலாம். நான் பயப்படுவது மூன்றாவது சுரப்பிக்கு, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனலுக்கு. அதையும் எதிர்ப்புச் சக்தி தாக்கினால் வரும் நோய்க்கு அடிசன் நோய் என்று பெயர், கவனிக்காமல் விட்டால் உயிரைக் கொண்டுபோகும். அறிகுறிகள் இவை: எழும்பி நின்றால் தலை சுற்றும், சாப்பாட்டில் உப்பு போதாது போலிருக்கும், உடம்பு மெலியும், சத்தி வரும், உடம்பில் அசதி இருந்துகொண்டே இருக்கும். தோலும் கறுக்கும். எங்கள் ஊரில் தோல் கறுத்தால் "வெயிலில் திரிஞ்சது" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். ஆகவே முகத்தைப் பார்க்காதீர்கள். வெளிச்சத்தில் உள்ளங்கையை விரித்து ரேகைகளைப் பாருங்கள், கண்ணாடியில் முரசைப் பாருங்கள், பழைய காயத் தழும்பைப் பாருங்கள். வெயில் படாத இந்த இடங்கள் புதிதாகக் கறுத்திருந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள்.

உங்களுக்கு இந்த அறிகுறி ஒன்றுமே இல்லாவிட்டாலும், தைரோயிட்டுக்கான தைரொக்சின் குளிசை தொடங்குமுன் அட்ரீனல் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். அட்ரீனல் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் ஒருவருக்கு அதைக் கவனிக்காமல் தைரொக்சின் கொடுத்தால் நிலைமை திடீரென்று மோசமாகலாம். அட்ரீனலுக்கு எதிரான அன்டிபொடி இரத்தத்தில் இருக்கிறதா, காலையில் எடுத்த இரத்தத்தில் அட்ரீனல் சுரக்கும் கோர்ட்டிசோல் எவ்வளவு என்று பார்த்தால் போதும். அன்டிபொடி இருந்து நோய் இன்னும் வெளிப்படாவிட்டால் வருடாவருடம் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

மற்றக் காரணங்களில் இரண்டைக் கேட்டாக வேண்டும். ஒன்று குரோமோசோம் பரிசோதனை. பெண்களுக்கு இருக்க வேண்டிய இரண்டு எக்ஸ் குரோமோசோமில் ஒன்று முழுதாகவோ பகுதியாகவோ இல்லாத டேர்னர் நிலை, உயரமான, சாதாரணமாகப் பெரியபிள்ளையான ஒருவரிலும் லேசாக இருக்கலாம். இருந்தால் இதயத்தையும் சோதிக்க வேண்டும். மற்றது எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணு. உங்கள் குடும்பத்தில், தாய் வழியாகவோ தகப்பன் வழியாகவோ, படிப்பும் பேச்சும் மிகவும் பின்தங்கிய ஆண்பிள்ளைகள் இருக்கிறார்களா? வயது போனபின் கைநடுங்கி நடை தள்ளாடிய பாட்டன், மாமன் இருக்கிறார்களா? இந்த இரண்டும் உங்கள் சூலகம் ஓய்ந்ததும் ஒரே மரபணுவின் வேலையாக இருக்கலாம். அந்த மரபணு மாற்றத்தைக் கொஞ்சம் சுமக்கும் பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சூலகம் முன்கூட்டியே ஓய்கிறது. இரத்தத்தைப் பெரும்பாலும் கொழும்புக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டிவரும், பெறுபேறு வரவும் காலமெடுக்கும்.

சூலகத்தில் சொக்லேட் கட்டி எடுக்க ஒப்பரேஷன் செய்திருந்தால் அல்லது முன்பு கான்சருக்கு மருந்து ஏற்றியிருந்தால் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். தெல்லிப்பளையில் மருந்து ஏற்றப்போகும் இளம் பெண் யாராவது இதை வாசித்தால், முதல் ஊசிக்கு முன்பே "என் சூலகத்துக்கு என்ன நடக்கும், முட்டையைச் சேமிக்க வழி உண்டா" என்று கேட்கவும். பிறகு கேட்டால் வழி குறைவு. சிறுநீரகத்தைத் தாக்கிய லூப்பஸ் நோய்க்கு சைக்ளோபொஸ்பமைட் ஏற்றுபவர்களுக்கும் இதே சொல்.

இப்போது குளிசைக்கு வருகிறேன். ஈஸ்ட்ரஜன் இல்லாமல் 32 வயதிலிருந்து 50 வரை இருந்தால் முதலில் எலும்பு இளகும். நோவு தெரியாது. விழுந்து மணிக்கட்டு முறியும்போது, அல்லது முதுகெலும்பு தானாக நசிந்து ஆள் குனியும்போதுதான் தெரியும். இரண்டாவது இதயமும் இரத்தக் குழாயும். 50இல் ஓய்ந்தவர்களை விட 40க்கு முன் ஓய்ந்து மருந்தில்லாமல் இருப்பவர்களுக்கு இதயநோய் அதிகம். மார்பில் கான்சர் என்ற பயம் பெரும்பாலும் 2002இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்விலிருந்து பரவியது. அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் இயல்பாக நின்று பல வருடமான பெண்களுக்கு மேலதிகமாக ஹோர்மோன் கொடுத்தபோது கண்டது அது. உங்கள் உடம்பில் இந்த வயதில் இருக்க வேண்டியது இல்லை. அதை நிரப்புவதால், இயல்பாகச் சூலகம் வேலை செய்யும் உங்கள் வயதுப் பெண்ணுக்கு இருக்கும் அபாயத்தைவிட உங்களுக்குக் கூடுவதாகத் தெரியவில்லை. மார்புக் கான்சர் ஏற்கெனவே வந்தவர்களுக்குக் கதை வேறு, அவர்களுக்கு இதைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. காலில் இரத்தம் கட்டியவர்கள், மைக்ரேன் தலையிடி உள்ளவர்கள் டொக்டரிடம் முதலே சொன்னால் குளிசைக்குப் பதிலாகத் தோலில் ஒட்டும் பட்டையைப் பற்றிக் கதைக்கலாம்.

குளிசை அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு மருந்து இருக்க வேண்டும். ஒன்று ஈஸ்ட்ரஜன், அட்டையில் ஈஸ்ட்ரடையோல் என்று இருக்கும், உங்கள் வயதுக்கு வழக்கமாக நாளுக்கு 2 மில்லிகிராம். 55 வயதுப் பெண்ணின் வெக்கைக்குக் கொடுக்கும் 1 மில்லிகிராமே உங்களுக்கும் எழுதப்பட்டிருந்தால், எலும்புக்கு இது போதுமா என்று கேளுங்கள். மற்றது புரோஜெஸ்ட்ரோன். ஈஸ்ட்ரஜன் தனியாகப் போனால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்து, காலம் போகப் புற்றுநோய்க்கே வழிவிடும். அதைத் தடுக்கவே இரண்டாவது குளிசை. மாதத்தில் 12 முதல் 14 நாள் போட்டால், முடிந்ததும் இரத்தம் போகும். சில மாதத்தில் ஈஸ்ட்ரஜனை மட்டும் வாங்கி மற்றதை விலைக்காக விட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யவே வேண்டாம். தைரொக்சினும் சேர்ந்து போட்டால், ஈஸ்ட்ரஜன் தொடங்கி இரண்டு மாதமளவில் டி.எஸ்.எச். மறுபடி பாருங்கள், தைரொக்சினின் அளவைக் கூட்ட வேண்டிவரலாம்.

இரவில் கொதிப்பதும் வேர்ப்பதும் சில வாரத்தில் தணியும். இன்னொன்றையும் சொல்கிறேன், இதை யாரும் கேட்க மாட்டார்கள். ஈஸ்ட்ரஜன் குறைந்தால் உறுப்பு வறண்டு, சேர்க்கை நோவாகும். மனைவி விலகுவாள், கணவன் "என்னில் விருப்பமில்லை" என்று நினைப்பான், இருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அது விருப்பக் குறைவல்ல. குளிசையாலேயே பெரும்பாலும் மாறும், மாறாவிட்டால் உள்ளே பூசும் ஈஸ்ட்ரஜன் கிறீம் இருக்கிறது. கிளினிக்கில் ஆம்பிளை டொக்டரிடம் சொல்ல வெட்கமென்றால் பெண் டொக்டரைக் கேளுங்கள், அல்லது மருத்துவமாதுவிடம் சொல்லி அவரைக் கொண்டு சொல்லுங்கள்.

பிள்ளை பற்றி நேராகவே சொல்கிறேன். இந்த நிலையில் சூலகம் முற்றாக அணைந்துவிட்டதென்று சொல்ல முடியாது, இடையிடையே விழிக்கும். நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு தானாகவே பிள்ளை தங்குகிறது. உங்கள் குளிசை அதைத் தடுக்காது, அது குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை அல்ல. குளிசை முடிந்தும் இரத்தம் வராத மாதத்தில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். ஆனால் எந்த மாதம் விழிக்கும் என்று கணிக்கவோ விழிக்க வைக்கவோ மருந்து கிடையாது. எஃப்.எஸ்.எச். 64 இருக்கும்போது முட்டை வளர்க்கும் ஊசிகளைத் தொடர்ந்து போடுவதில் பலனில்லை. சூலகத்துக்குள் உங்கள் இரத்தத்தையே பிரித்து ஏற்றுவது, ஸ்டெம் செல் போடுவது என்று விளம்பரம் வருகிறது. பலாலியில் ஏறிச் சென்னைக்குப் போய் காணி விற்ற காசைக் கொடுக்கும் முன், அது பலன் தரும் என்று நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அல்ல என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நம்பகமான வழி இன்னொரு பெண்ணின் முட்டையை வைத்து ஐ.வி.எஃப். செய்வது. கர்ப்பப்பைக்கு வயதாகவில்லை, அது பிள்ளையைச் சுமக்கும். அது உங்கள் மனதுக்கு ஒத்துவருமா, தத்தெடுப்பா, இருவராகவே வாழ்வதா என்று இந்த வருடமே தீர்மானிக்க வேண்டியதில்லை. முட்டை தானமாக வாங்கினால் கணக்கில் வருவது கொடுப்பவரின் வயதுதான், ஆகவே ஒன்றிரண்டு வருடம் யோசிக்க உங்களுக்கு நேரம் உண்டு.

அந்த நேரத்தில் மனம் படும் பாட்டைச் சின்னதாக எடுக்க வேண்டாம். இந்தச் செய்தி கேட்டவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் வருவது மற்றப் பெண்களை விட அதிகம், ஈஸ்ட்ரஜன் குறைந்ததாலும் நித்திரை கெட்டதாலும் அது இன்னும் கூடும். ஊரில் எல்லாம் நாள் குறித்து நடக்கும். மச்சாளின் பிள்ளைக்கு 31ஆம் நாள் துடக்குக் கழிவு, பெரியம்மாவின் பேத்திக்குச் சாமத்தியவீடு, ஒவ்வொன்றிலும் "இன்னும் விசேஷம் இல்லையோ?" என்ற கேள்வி. சில காலத்துக்கு அப்படியான வீடுகளுக்குப் போகாமல் விடுவது தப்பில்லை, கணவர் தனியாகப் போய்விட்டு வரலாம். முதலில் யாருக்குச் சொல்வது என்பதையும் நீங்கள் இருவரும்தான் முடிவெடுக்க வேண்டும். சொந்தம் முழுவதற்கும் ரிப்போட் காட்டத் தேவையில்லை. கேட்பவர்களுக்கு "ஹோர்மோன் குறைவு, மருந்து எடுக்கிறேன்" என்பது போதும், அது உண்மையும்கூட. கணவர் அடுத்த கிளினிக்குக்குக் கட்டாயம் கூட வரட்டும். மனைவி சொல்லிக் கேட்பதற்கும் டொக்டர் வாயால் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது, பிறகு மாமிக்கு அவரே பதில் சொல்வார். இரண்டு மூன்று வாரமாக நித்திரையில்லை, சமைக்கவும் குளிக்கவும் மனமில்லை, இருந்து என்ன பலன் என்ற எண்ணம் வருகிறது என்றால் பெரியாஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குப் போகலாம். அங்கே போவதற்குப் "பைத்தியம்" என்று பெயர் வைப்பவர்களின் பேச்சைக் காதில் போடாதீர்கள்.

அடுத்த தடவை போகும்போது இரண்டு எஃப்.எஸ்.எச். ரிப்போட்டும் திகதியோடு, தைரோயிட் ரிப்போட், குளிசை அட்டை, குடும்பத்தில் நான் மேலே கேட்டவர்களின் விபரம், இவ்வளவையும் கொண்டுபோங்கள். எலும்பு அடர்த்தி ஸ்கானும், பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோலும் இப்போது ஒருதரம் பார்த்தால் பிறகு ஒப்பிட உதவும். கல்சியம் நாளுக்கு 1000 மில்லிகிராம் அளவு உணவிலிருந்தே வரட்டும். இரண்டு கப் பாலில் அதில் பாதியளவு வரும். முள்ளோடு தின்னும் நெத்தலியும் எள்ளும் குரக்கனும் மீதியைத் தாங்கும்.

உங்களுக்குத் தங்கச்சி இருந்தால் அவவுக்கும் இதைச் சொல்லுங்கள். சில குடும்பங்களில் இது சகோதரிகளுக்குள் வருகிறது. அவவின் மாதவிடாய் ஒழுங்காக இருந்தாலும், மீதி முட்டைகளின் அளவைக் காட்டும் ஏ.எம்.எச். என்ற இரத்தப் பரிசோதனையை ஒருதரம் பார்க்கலாம். உங்களுக்கு மரபணுக் காரணம் ஏதும் அகப்பட்டால் அதையும் அவவில் தேடலாம். ஏ.எம்.எச். குறைவாக இருந்தால் முட்டையை உறைய வைக்கவோ, கலியாணம் முடித்திருந்தால் பிள்ளையைத் தள்ளிப்போடாமல் இருக்கவோ அவவுக்கு இன்னும் காலம் இருக்கும்.